வெள்ளரித் துண்டில் உப்புத் தூவினால் தட்டில் சேரும் தண்ணீர்: அது சவ்வூடு பரவலா, வெறும் கசிவா?

லதா_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவி, பத்து நிமிடத்தில் தட்டில் தண்ணீர் தேங்குவதைக் காட்டி, "இதுதான் சவ்வூடு பரவல், அதாவது தண்ணீர் ஒரு சவ்வைக் கடந்து கரைசல் அடர்த்தியான பக்கத்துக்குப் போவது" என்று சொல்லப் போகிறாள். நேற்று வகுப்பில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் கேட்டானாம்: "காயை வெட்டினாலே சாறு வரும். தக்காளியை வெட்டினால் உப்பே போடாமல் பலகை நனைகிறது. உன் தட்டில் இருக்கிற தண்ணீரை உப்புதான் வெளியே கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்கிறாய்?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. உப்புப் போடாத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதுமா? இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா? வீட்டில் 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது.

---

கணேஷ்_ஆர்ஓ

தண்ணீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இதே சங்கதிதான். தண்ணீர் எப்போதும் தண்ணீர் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குப் போகும். வெள்ளரிக்குள் 95 சதவீதம் தண்ணீர். வெளியே உப்பு. அதனால் தண்ணீர் வெளியே வருகிறது. எங்கள் பிளான்ட்டில் அழுத்தம் கொடுத்து இதையே திருப்பி ஓட்டுகிறோம். உப்பு இல்லாத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், போதும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

---

சாந்தி_கும்பகோணம்

லதா, எனக்கும் இதே பிரச்சினைதான்! வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி செய்து அரை மணி நேரம் வைத்தால் மோர் மாதிரி ஆகிவிடும். இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். நறுக்கி, உப்புப் பிசறி, இருபது நிமிடம் வடிதட்டில் வைத்து, கையால் இலேசாக அழுத்தி நீரை எடுத்துவிட்டுத்தான் தயிரில் போடுவேன். பரிமாறும்வரை கெட்டியாக இருக்கும். தயிரில் அதற்கப்புறம் தனியாக உப்புப் போட வேண்டாம், காயில் இருப்பதே போதும்.

ஒருமுறை உப்பு அதிகமாகிவிட்டது. காய் துணி மாதிரி தொய்ந்து கிடந்தது. உப்பைக் கழுவலாம் என்று குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து எடுத்துக் கடித்தால் பழையபடி மொறுமொறுவென்று இருக்கிறது! அதனால் உப்பு கூடிவிட்டால் பயப்பட வேண்டாம்.

---

வேர்க்கால்

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். லதாம்மா, அந்தப் பையனை என் சார்பில் பாராட்டுங்கள். வருடக்கணக்கில் இந்தச் சோதனையை மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அவன் கேட்டதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

அவன் பாதி சரி. கத்தி படும் இடத்தில் செல்கள் கிழிகின்றன. கிழிந்த செல்லின் சாறு அப்படியே வெளியே வந்துவிடும். அதற்குச் சவ்வும் வேண்டாம், உப்பும் வேண்டாம். வெள்ளரிச் சதையின் செல்கள் ஓரளவு பெரியவை. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள துண்டில் சுமார் 20, 30 அடுக்குகள்தான் இருக்கும். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று கத்தியில் கிழிந்துபோகிறது. வெட்டிய முகத்தில் பளபளக்கும் ஈரம் அதுதான்.

நீங்கள் தூவும் உப்பு முதலில் அந்த ஈரத்தில் கரைகிறது. உப்பு நிறைய, ஈரம் கொஞ்சம். அதனால் அந்த மெல்லிய நீர்ப் படலம் கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் உப்புக் கரைசலாகிவிடுகிறது. அதற்கு அடுத்த அடுக்கில் இருப்பவை கிழியாத, உயிருள்ள செல்கள். ஒவ்வொன்றையும் ஒரு சவ்வு பை போல மூடியிருக்கிறது. தண்ணீர் அந்தச் சவ்வைக் கடக்கும். உப்பு எளிதில் கடக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் ஓயாமல் போய் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வெளியே உப்பு நெருக்கமாக இருக்கும்போது வெளியிலிருந்து உள்ளே திரும்புபவை குறைந்துவிடுகின்றன, உள்ளிருந்து கிளம்புபவை குறையவில்லை. வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் கையிருப்பு கரைகிறதல்லவா, அதுதான் நடக்கிறது. உப்பு கயிறு கட்டி எதையும் இழுப்பதில்லை.

சாந்தி அம்மா பச்சடியைப் பற்றிச் சொல்ல வந்தார். ஆனால் நம் கேள்விக்கான விடை அவருடைய இரண்டாவது பத்தியில் இருக்கிறது. தொய்ந்த துண்டு நல்ல தண்ணீரில் போட்டதும் மறுபடி விறைத்தது. கிழிந்த செல்லிலிருந்து ஒழுகிய சாறு திரும்பி உள்ளே போகாது. ஓட்டைக் குடத்தை ஆற்றில் முக்கி எடுத்தாலும் ஒழுகத்தானே செய்யும். துண்டு மறுபடி விறைத்தது என்றால், சவ்வு கிழியாமல் இருந்திருக்கிறது, இப்போது தண்ணீர் எதிர்த்திசையில் அதைக் கடந்து உள்ளே போயிருக்கிறது என்று பொருள். உப்பில்லாத தட்டு "உப்பு காரணம்" என்று மட்டும் காட்டும். திரும்ப விறைப்பது "சவ்வு காரணம்" என்று காட்டும். கண்காட்சியில் இரண்டும் வேண்டும்.

---

மயிலை_பாலா

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சென்னையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தாலே ஈரமாகிவிடுகிறது. உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை எடுக்கிறது. அப்படியானால் தட்டில் சேரும் தண்ணீரில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்ததாக இருக்கலாமே? காயின் எடை குறைகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

வேர்க்கால்

பாலா சொல்வது உண்மையான விஷயம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீர் கோத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் அது பல நாட்களில் நடக்கும். ஆனால் அது மெதுவான வேலை. அரை மணி நேரத்தில் இரண்டு கிராம் உப்பு காற்றிலிருந்து எடுக்கும் நீர் தராசில் தெரிவதே கஷ்டம். ஊகிக்க வேண்டாம், செய்து பார்க்கலாம். லதாம்மா, மூன்றாவது தட்டில் வெறும் உப்பு மட்டும் வையுங்கள். தண்ணீரை மட்டும் நிறுக்காமல், துண்டுகளை முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். காய் எவ்வளவு இழந்தது என்பதுதான் கேள்வி.

---

லதா_திருச்சி

ஐயா சொன்னபடி நேற்று இரவு செய்தோம். மகள்தான் நிறுத்து எழுதினாள்.

ஒரே காயைத் தோலோடு மூன்று மி.மீ. கனத்துக்கு வட்டமாக நறுக்கி, 100 கிராம் வீதம் இரண்டு தட்டு. ஒன்றில் 2 கிராம் தூள் உப்பு, ஒன்றில் எதுவும் இல்லை. மூன்றாவது தட்டில் 2 கிராம் உப்பு மட்டும். எல்லாவற்றையும் கிண்ணம் கவிழ்த்து மூடினோம். அரை மணி நேரம்.

உப்புப் போட்ட தட்டில் இரண்டாவது நிமிடமே விதைகளைச் சுற்றி வியர்வை மாதிரி துளிகள் தெரிந்தன. ஐந்தாவது நிமிடம் துளிகள் சேர்ந்து ஓடத் தொடங்கின. முடிவில் துணியால் ஒற்றி நிறுத்தபோது துண்டுகள் 86 கிராம். தட்டில் இருந்த நீர் 15.5 கிராம். மீதி அரை கிராம் எங்கே போனது என்று தெரியவில்லை, துணியில் ஒட்டியிருக்கலாம். உப்புப் போடாத தட்டில் துண்டுகள் 99 கிராம், அடியில் சற்றே ஈரம். வெறும் உப்பு 2.0 கிராமாகவே இருந்தது. பாலா சாருக்கு இது பதில் என்று நினைக்கிறேன்.

ஒரு துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினால், உப்புப் போடாதது தட்டையாக நிற்கிறது. உப்புப் போட்டது நடுவில் மடிந்து தொங்குகிறது. மகளுக்குத் தண்ணீரைவிட இதுதான் மிகவும் பிடித்தது.

---

மயிலை_பாலா

சரி, ஏற்றுக்கொள்கிறேன். காற்று இல்லை. காயின் எடைதான் குறைந்திருக்கிறது.

---

கணேஷ்_ஆர்ஓ

எண்கள் கிடைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. சொல்லுங்கள், எங்கே தப்பு?

2 கிராம் உப்பு என்பது, துகள்களை எண்ணும் அலகான மோலில் சொன்னால், 0.034 மோல். கரையும்போது ஒவ்வொன்றும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரியும். ஆக 0.068 மோல் துகள்கள் வெளியே. வெள்ளரிச் செல்லுக்குள் சர்க்கரை, பொட்டாசியம், அமிலங்கள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்குக் கால் மோல் அளவு என்று வைத்துக்கொண்டேன். 100 கிராம் காயில் 95 கிராம் தண்ணீர், அதில் சுமார் 0.024 மோல் துகள்கள். இரண்டு பக்கமும் சமமாகும்வரை தண்ணீர் நகர வேண்டும் என்றால், தண்ணீர் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று என்று பிரிய வேண்டும். அதாவது 95 கிராமில் 70 கிராம் தட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ 15 கிராம். அதிலும் கரைந்த உப்பு சேர்ந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரை மணி நேரம் போதவில்லையா?

---

யாழ்_நிலா

யாழ்ப்பாணத்தில் உயிரியல் ஆசிரியை. நாங்கள் இந்தக் காயைக் கெக்கரிக்காய் என்போம். எங்கள் பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவலுக்குப் பிரசாரணம் என்று பெயர். முதலில் தலைப்பைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்துவிட்டேன்.

கணேஷ் தம்பி, நேரம் ஒரு காரணம். ஆனால் நேரத்தைக் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை வகுப்பில் உப்பிட்ட துண்டுகளை மறந்துபோய் மறுநாள் காலை பார்த்தோம். தட்டில் தண்ணீர் மிகவும் கூடியிருந்தது. ஆனால் துண்டுகளின் தோற்றமே மாறியிருந்தது. வெள்ளைச் சதை கண்ணாடி மாதிரி ஆகி, கீழே வைத்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அவற்றைப் பிள்ளைகள் நல்ல தண்ணீரில் போட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் விறைக்கவே இல்லை. சாந்தி அக்காவின் துண்டுகள் ஏன் விறைத்தன, எங்களுடையவை ஏன் விறைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டிய பதில்தான் இங்கே முக்கியம் என்று படுகிறது.

---

வேர்க்கால்

கணேஷின் கணக்கில் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அதில் சொல்லப்படாத மூன்று அனுமானங்கள் இருக்கின்றன. உப்பு முழுவதும் வெளியே நிற்கிறது, ஒவ்வொரு செல்லும் அந்தக் கரைசலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, சவ்வு கடைசிவரை உயிரோடு இருக்கிறது. மூன்றுமே தட்டில் முழுதாக உண்மை இல்லை.

முதலாவதை வீட்டிலேயே பார்க்கலாம். லதாம்மா, அந்த 15.5 கிராம் நீரைக் கொட்டாமல் வைத்திருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வற்றவிட்டு, அடியில் நிற்பதை நிறுத்துப் பாருங்கள். 2 கிராமைவிடக் குறைவாக இருந்தால், மீதி உப்பு காயோடு போயிருக்கிறது. செல்களுக்கு நடுவே சுவர்களும் சந்துகளும் இருக்கின்றன. உப்பு சவ்வைத் தாண்டாமலேயே அந்தச் சந்துகள் வழியே துண்டுக்குள் போய்விடும். கிழிந்த செல்களுக்குள்ளும் தாராளமாகப் போகும். உப்பிட்ட காய் கழுவிய பிறகும் உள்ளே கரிப்பது அதனால்தான்.

இரண்டாவது, தண்ணீர் வெளியே வர வர உப்பைக் கரைத்துக்கொண்டு தட்டுக்கு ஓடிவிடுகிறது. வலுவான கரைசல் கீழே குட்டையாகக் கிடக்கிறது. மேலே அடுக்கிய துண்டு அதைத் தொடுவதே இல்லை. பச்சைத் தோல் உள்ள ஓரம் மெழுகு பூசியது போன்றது, அந்த வழியாக ஏதும் நடக்காது. நடு அடுக்கில் இருக்கும் செல்லிலிருந்து கிளம்பும் தண்ணீர், பத்துப் பதினைந்து அடுக்குகளைக் கடந்துதான் முகத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவதுதான் நிலா டீச்சர் சொன்னது. தண்ணீர் போகப் போகச் செல்லின் உள்ளடக்கம் சுருங்கி, சவ்வு செல் சுவரை விட்டு விலகி நடுவே உருண்டையாகிவிடும். நுண்ணோக்கியில் வெள்ளரியை வைத்தால் இது சரியாகத் தெரியாது, நிறம் இல்லை. ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்பக்கத் தோலை உரித்து உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால், ஊதா நிறம் சுவரைவிட்டு விலகி ஒடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சிறிது நேரத்துக்குள் நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். அதிக நேரம் கழித்து விட்டால் சவ்வு அதைத் தாங்காது, நிறம் கலைந்து வெளியே ஓடிவிடும். அந்தச் செல் செத்துவிட்டது. சாந்தி அம்மாவின் துண்டுகள் முதல் வகை, உங்கள் மாணவர்களின் துண்டுகள் இரண்டாம் வகை.

கண்ணாடி மாதிரி ஆனதும் இதோடு சேர்ந்ததே. நல்ல வெள்ளரி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், செல்களின் நடுவே உள்ள சின்னச் சின்னக் காற்றுச் சந்துகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பது. சவ்வு போனதும் சாறு அந்தச் சந்துகளில் நிரம்பிவிடுகிறது. சிதற இடமில்லாமல் வெளிச்சம் நேராகப் போகிறது. ஆகவே கண்ணாடித் துண்டைப் பார்த்தால், அங்கே சவ்வூடு பரவல் முடிந்து கசிவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

---

சாந்தி_கும்பகோணம்

அடடா, இப்போதுதான் புரிகிறது! நானும் ஒருமுறை காலையில் உப்புப் போட்டு மதியம் வரை விட்டுவிட்டேன். தண்ணீரில் போட்டும் மீளவில்லை. காய் பழசு என்று நினைத்திருந்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது என்று மாமியார் சொல்வார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

ஒரு சந்தேகம். சர்க்கரை போட்டாலும் தண்ணீர் விடுமா? மாம்பழத் துண்டில் சர்க்கரை போட்டால் பாகு மாதிரி வருகிறது.

---

கணேஷ்_ஆர்ஓ

விடும் அக்கா. ஆனால் எடைக்கு எடை சமம் இல்லை. கணக்கில் வருவது துகள்களின் எண்ணிக்கை. சர்க்கரையின் ஒரு மூலக்கூறு உப்பைவிட ஆறு மடங்கு கனம். உப்பு கரைந்தால் இரண்டாகப் பிரியும், சர்க்கரை பிரியாது. ஆக 2 கிராம் உப்பில் உள்ள அளவு துகள்கள் வேண்டும் என்றால் 23 கிராம் சர்க்கரை போட வேண்டும். ஜாம் செய்ய அவ்வளவு சர்க்கரை ஏன் கொட்ட வேண்டியிருக்கிறது, ஊறுகாய்க்குக் கொஞ்சம் உப்பு ஏன் போதும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

லதா_திருச்சி

நீரை வைத்திருந்தேன். சின்ன எஃகுக் கிண்ணத்தில் சிம்மில் வற்றவிட்டோம். கடைசியில் பழுப்பும் வெள்ளையுமாக 1.4 கிராம் நின்றது. ஆக 0.6 கிராம் உப்பு காய்க்குள் போயிருக்கிறது, சரிதானே?

பிறகு மகளுக்கு ஒரு யோசனை. உயிருள்ள சவ்வுதான் காரணம் என்றால், சவ்வைக் கெடுத்துவிட்டுச் செய்து பார்க்கலாமே என்றாள். நறுக்கிய துண்டுகளை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்து உருகவிட்டோம். 50 கிராம் வீதம் இரண்டு தட்டு. ஒன்றில் உப்பு 1 கிராம், மற்றொன்றில் இல்லை. உருகும்போதே இரண்டிலும் தண்ணீர் ஓடியது. அரை மணி நேரத்தில் உப்பில்லாத தட்டில் 15 கிராம், உப்புப் போட்டதில் 17 கிராம். இரண்டும் தொய்ந்து, நிலா டீச்சர் சொன்ன மாதிரி கண்ணாடியாக இருந்தன. நல்ல தண்ணீரில் போட்டும் விறைக்கவில்லை.

அந்தப் பையனிடம் இதைத்தான் முதலில் காட்டப் போகிறாள்.

---

வேர்க்கால்

உங்கள் மகள் செய்தது நான் என் மாணவர்களிடம் எதிர்பார்த்துக் கிடைக்காத சோதனை. உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடுகின்றன. அப்புறம் உப்பு போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, சாறு ஒழுகும். 100 கிராம் புதிய காயில் உப்பு இருந்தால் 15, இல்லாவிட்டால் ஏறத்தாழ ஒன்று. 50 கிராம் உறைந்த காயில் 17, 15. இந்த நான்கு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் போதும், உப்பும் சவ்வும் சேர்ந்து இருக்கும்போதுதான் அந்த வித்தியாசம் வருகிறது என்பது தெரிகிறது.

1.4 கிராமைப் பற்றி ஒரு திருத்தம். அந்தப் பழுப்பு நிறம் காயிலிருந்து வந்த சர்க்கரை தீய்ந்தது. ஆகவே அதில் உப்பு 1.4-ஐவிடக் கொஞ்சம் குறைவு, காய்க்குள் போன உப்பு 0.6-ஐவிடக் கொஞ்சம் அதிகம். எவ்வளவு என்று இந்தத் தராசில் சொல்ல முடியாது.

கணேஷுக்கு: ஏறத்தாழ 14 கிராம் நீரில் 1.4 கிராம் என்றால் கடல்நீரைப் போல மூன்று மடங்கு கரிப்பு. செல்லுக்குள் இருப்பது அதற்கு எங்கோ கீழே. ஆக அரை மணி நேரத்தில் சமநிலை வரவே இல்லை. நீங்கள் கணக்கிட்ட 70 கிராமுக்குப் போகும் பாதையில் பாதித் தூரம்கூடப் போகாமல் நின்றிருக்கிறோம். மீதித் தூரம் போவதற்குள் செல்கள் செத்துவிடும், அப்போது அந்தக் கணக்கே செல்லாது.

---

கணேஷ்_ஆர்ஓ

ஐயா, இது புரிகிறது. ஆனால் நான் முதலில் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லையே. தண்ணீர் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு என்பதில் என்ன தப்பு? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

---

வேர்க்கால்

ஒரு முதல் படமாக அது உதவும். முழு விளக்கமாக அது நிற்காது. நீங்களே சாந்தி அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்: எண்ணிக்கைதான் கணக்கு, எடை அல்ல. இரண்டு கரைசல்களில் ஒரே கன அளவில் தண்ணீர் ஒரே அளவு இருந்தும், கரைந்த துகள்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால் தண்ணீர் நகரும். தண்ணீரின் நெருக்கத்தை மட்டும் பார்த்தால் இதைச் சொல்ல முடியாது.

1877-இல் பெஃபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், நுண்துளை உள்ள மண்சாடியின் சுவரில் செயற்கைச் சவ்வு ஒன்றை உண்டாக்கி, உள்ளே சர்க்கரைக் கரைசலை வைத்து அளந்தார். வெறும் ஒரு சதவீதச் சர்க்கரை 53 சென்டிமீட்டர் பாதரசத்தை உயர்த்தும் அளவுக்கு அழுத்தம் தந்தது. ஒரு சதவீதத்தில் தண்ணீரின் நெருக்கம் எவ்வளவு குறைந்திருக்கும்? அற்பம். பத்து ஆண்டுகள் கழித்து வாண்ட் ஹாஃப் என்ற டச்சு வேதியியலாளர் அந்த எண்களை எடுத்து, கரைந்த துகள்களின் எண்ணிக்கைக்கும் வாயுக்களின் அழுத்த விதிக்கும் ஒரே வாய்பாடு பொருந்துவதைக் காட்டினார்.

சவ்வின் வாயிலில், மூலக்கூறு அளவில், சரியாக என்ன நடக்கிறது என்பதில் எனக்குத் தெரிந்த இயற்பியல் ஆசிரியர்களே ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. நான் மேலே சொன்ன "வரவு குறைகிறது" என்பதும் ஒரு படம்தான்.

---

கணேஷ்_ஆர்ஓ

வாண்ட் ஹாஃப் வாய்பாட்டைத்தான் நாங்கள் அழுத்தம் கணக்கிட தினமும் பயன்படுத்துகிறோம். அதற்கும் என் விளக்கத்துக்கும் முரண் என்று யோசித்ததில்லை. முழுசாக உடன்படவில்லை, ஆனால் அந்த ஒரு சதவீதம் தொந்தரவு செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

யாழ்_நிலா

லதா அக்கா, ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தப் பையனின் கேள்விக்கு இன்னும் முழுதாகப் பதில் வரவில்லை. உப்புப் போட்ட தட்டில் வந்த தண்ணீரிலும் கத்தி கிழித்த செல்களின் சாறு கலந்திருக்கும்தானே? உப்பில்லாத தட்டில் அது துண்டின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். உப்புக் கரைசல் ஓடும்போது அதையும் கழுவிக்கொண்டு வந்திருக்கும். நறுக்கிய உடனே துண்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் நன்றாக ஒற்றிவிட்டு, அதற்குப் பிறகு நிறுத்து உப்பிட்டுப் பாருங்களேன்.

---

லதா_திருச்சி

இன்று மாலை செய்தோம். அலசி, ஒற்றி, 100 கிராம் நிறுத்து, 2 கிராம் உப்பு. முகம் காய்ந்திருந்ததால் உப்பு கரையவே நேரம் பிடித்தது. முதல் துளி நான்காவது நிமிடத்தில்தான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் துண்டுகள் 87.5 கிராம். போன தடவை 86. அந்த ஒன்றரை கிராம் கிழிந்த செல்களின் சாறா, தாமதமாகத் தொடங்கியதாலா, காய் வேறு என்பதாலா, தெரியவில்லை. இன்னும் இரண்டு காய் இருக்கிறது. அவளே நாளை காலை மறுபடி செய்கிறேன் என்கிறாள்.

கண்காட்சி மேசையில் நான்கு தட்டுகள் வைக்கிறாள்: புதியது உப்போடு, புதியது உப்பில்லாமல், உறைந்தது உப்போடு, உறைந்தது உப்பில்லாமல். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர். வருகிறவர்கள் தொய்ந்த துண்டைத் தாங்களே அதில் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் துண்டைப் போட அந்தப் பையனையே கூப்பிட்டிருக்கிறாள்.